பூட்டுச் சின்னம் எதைப் பூட்டுகிறது?

2021 பெப்ரவரி 6, சனிக்கிழமை. சுதந்திர தினம் முடிந்து இரண்டே நாள். அன்று காலை நாட்டின் பல இடங்களில் google.lk என்று தட்டச்சு செய்தவர்களுக்குக் கூகுளின் தேடல் பெட்டி வரவில்லை. தேயிலைத் தொழிலின் பிரச்சினைகள், பத்திரிகைச் சுதந்திரம், இன, சிறுபான்மையினர் விவகாரங்கள் என்று பலவற்றைப் பேசும் ஒரு பக்கம் வந்தது. oracle.lk உட்பட வேறு சில .lk பெயர்களுக்கும் இதே கதிதான். சில மணித்தியாலத்தில் நிலைமை சீர் செய்யப்பட்டது.

தேயிலை மலைகளுக்கு நடுவே வாழும் சப்ரகமுவக்காரர்களாகிய நமக்கு அந்தப் பக்கத்தில் எழுதியிருந்த விடயமும் முக்கியம்தான். ஆனால் கணினி கற்பிப்பவள் என்ற வகையில் நான் இங்கு பேச வந்தது வேறொன்று. அன்று கூகுளின் கணினி எதையும் யாரும் தொடவில்லை. கூகுளுக்குள் நுழையாமலேயே கூகுளின் பெயரில் எப்படி இன்னொருவர் பேச முடிந்தது? இதற்கு விடை தெரிந்தால், இணைய முகவரியின் முன்னால் நிற்கும் http என்பதற்கும் https என்பதற்கும் உள்ள வித்தியாசம் தானாக விளங்கும். பெற்றார் கூட்டங்களில் உம்மாமார் அடிக்கடி கேட்கும் “பூட்டு இருந்தா பயமில்லத்தானே டீச்சர்?” என்ற கேள்விக்கும் அதிலேயே பதில் இருக்கிறது.

நமது கைத்தொலைபேசிக்கு google.lk என்ற பெயர் எங்கே இருக்கிறது என்று தெரியாது. அதற்குத் தேவை ஓர் எண். ஒவ்வொரு முறையும் அது பெயர்ப் பதிவேட்டிடம் “இந்தப் பெயருக்கு என்ன எண்?” என்று கேட்டு, கிடைத்த எண்ணுக்குப் போகிறது. .lk என்று முடியும் பெயர்களுக்கான மூலப் பதிவேட்டை எல்.கே. டொமைன் ரெஜிஸ்ட்ரி வைத்திருக்கிறது. அன்று மாற்றப்பட்டவை அங்கிருந்த பதிவுகளே. வீட்டை யாரும் உடைக்கவில்லை. வீட்டுக்கு வழி காட்டும் பலகையைத் திருப்பி வைத்துவிட்டார்கள்.

பலகை திரும்பிய பின் தொலைபேசி வேறொருவரின் வாசலில் போய் நிற்கிறது. http என்றால் அது “google.lk பக்கத்தைத் தாருங்கள்” என்று கேட்கும், எதிரில் இருப்பவர் எதைக் கொடுத்தாலும் வாங்கித் திரையில் காட்டும். “நீங்கள் கூகுள்தானா?” என்று கேட்கும் வழக்கமே http இல் இல்லை. 1990களின் தொடக்கத்தில், ஆய்வாளர்கள் தங்களுக்குள் கட்டுரைகளைப் பரிமாறிக்கொள்ளப் பிறந்த முறை அது. அங்கே யாரையும் சந்தேகிக்கத் தேவை இருக்கவில்லை.

https இல் இருக்கும் கடைசி எழுத்து s, பாதுகாப்பு என்பதைக் குறிக்கிறது. பக்கத்தைக் கேட்பதற்கு முன் இரண்டு வேலைகள் நடக்கின்றன. ஒன்று, இருவருக்கும் மட்டும் தெரிந்த ஓர் இரகசிய எண்ணை உருவாக்குவது. மற்றது, எதிரில் இருப்பவர் யார் என்று உறுதி செய்வது. முதலாவதைப் பற்றியே பெரும்பாலும் பேசுகிறோம். உண்மையில் இரண்டாவது இல்லாமல் முதலாவதால் பயனில்லை.

இரகசிய எண்ணை எப்படி உருவாக்குகிறார்கள் என்பது மாணவியருக்குப் பிடித்தமான பகுதியாக இருக்கும், ஏனென்றால் அது நமக்குத் தெரிந்த வகுத்தல் மீதிதான். சிக்கல் இதுதான்: தொலைபேசிக்கும் சேவையகத்துக்கும் இடையே இருக்கும் எல்லோரும் அவர்கள் பேசுவதைக் கேட்கலாம். எல்லோரும் கேட்க உரக்கப் பேசியே இருவர் மட்டும் ஒரு இரகசியத்துக்கு வர முடியுமா? 1976இல் டிஃபி, ஹெல்மன் என்ற இருவர் முடியும் என்று காட்டினார்கள்.

சிறிய எண்களில் செய்து பார்ப்போம். 3, 17 என்ற இரண்டு எண்களும் எல்லோருக்கும் தெரிந்தவை. தொலைபேசி தன் மனதுக்குள் 3 என்ற எண்ணை எடுக்கிறது. 3இன் 3ஆம் வலு 27, அதை 17ஆல் வகுத்தால் மீதி 10. “10” என்று உரக்கச் சொல்கிறது. சேவையகம் மனதுக்குள் 5 என்ற எண்ணை எடுக்கிறது; 3இன் 5ஆம் வலு 243, அதை 17ஆல் வகுத்தால் மீதி 5. “5” என்று உரக்கச் சொல்கிறது. இப்போது தொலைபேசி, கேட்ட 5ஐத் தன் இரகசியமான 3ஆம் வலுவுக்கு உயர்த்துகிறது: 125, மீதி 6. சேவையகம், கேட்ட 10ஐத் தன் இரகசியமான 5ஆம் வலுவுக்கு உயர்த்துகிறது: 1,00,000, மீதி 6. இருவரிடமும் 6 இருக்கிறது. அந்த 6ஐ யாரும் வாய் திறந்து சொல்லவேயில்லை.

இவ்வளவு சிறிய எண்களில் ஒட்டுக்கேட்பவர் ஒவ்வொன்றாக முயன்று ஒரு நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவார். நடைமுறையில் மனதுக்குள் எடுக்கும் எண் ஏறத்தாழ 77 இலக்கம் கொண்டதாக இருக்கும். கணக்கும் இதைவிடச் சிக்கலான வேறொரு வகைக் கணக்கு. கருத்து மட்டும் இதுவே. முன்னோக்கிச் செய்வது எளிது, பின்னோக்கிப் போவது இயலாத காரியம். இப்படிக் கிடைத்த எண்ணை வைத்தே அதன் பிறகு இருவரும் அனுப்பும் ஒவ்வொரு எழுத்தும் குலைத்து அனுப்பப்படுகிறது.

சரி, இந்தக் கணக்கை யாரோடு செய்தோம்? பலகையைத் திருப்பி வைத்தவரோடும் இதே கணக்கை அழகாகச் செய்யலாம். கடிதத்தை மிகப் பத்திரமாக ஒட்டி, முத்திரையிட்டு, திருடனின் கையிலேயே கொடுத்தது போலாகும். ஆகவேதான் சான்றிதழ் வருகிறது.

நமது ஊரில் சான்றிதழ் என்றால் நீண்ட விளக்கம் வேண்டியதில்லை. இரத்தினக்கல் வாங்குபவர் விற்பவரின் சொல்லை மட்டும் நம்புவதில்லை. ஆய்வுகூடத்தின் சான்றிதழைக் கேட்பார். இணையத்திலும் சான்றிதழ் வழங்குநர்கள் என்று சில நிறுவனங்கள் உள்ளன. “இந்தப் பெயருக்கு உரியவர் இந்தத் திறவுகோலை வைத்திருப்பவர்” என்று எழுதித் தங்கள் டிஜிட்டல் கையொப்பத்தை இடுகிறார்கள். நம்பத்தக்க வழங்குநர்களின் பட்டியல் நமது தொலைபேசியிலும் உலாவியிலும் முன்கூட்டியே பதிந்திருக்கிறது. சேவையகம் சான்றிதழைக் காட்டியதும் உலாவி பார்ப்பது இவை: அதில் எழுதியுள்ள பெயர் நான் தேடி வந்த பெயர்தானா, திகதி காலாவதியாகவில்லையா, கையொப்பம் பட்டியலில் உள்ளவருடையதா. கூடவே இன்னொன்றும் கேட்கிறது. சான்றிதழ் ஒரு பகிரங்கப் பத்திரம், யாரும் பிரதி எடுக்கலாம். எனவே இப்போது நடந்த உரையாடலின் மீது, சான்றிதழுக்குரிய இரகசியத் திறவுகோலால் கையொப்பமிட்டுக் காட்டும்படி கேட்கிறது. அந்தத் திறவுகோல் கூகுளின் கணினியை விட்டு வெளியே வருவதில்லை.

அந்த பெப்ரவரிச் சனிக்கிழமைக்குத் திரும்புவோம். பலகையைத் திருப்பியவரிடம் கூகுளின் திறவுகோல் இல்லை. எனவே https:// என்று கேட்டுப் போகும் ஒருவருக்கு, அத்தகைய நிலையில் உலாவி பக்கத்தைக் காட்டாமல் “Your connection is not private” என்ற எச்சரிக்கையைக் காட்டும்; கீழே சிறிய எழுத்தில் NET::ERR_CERT_COMMON_NAME_INVALID போன்ற ஒரு வரி இருக்கும். பெயர் பொருந்தவில்லை என்று அர்த்தம். http வழியாகப் போகிறவருக்கு எந்தத் தடையும் இல்லை. வெறுமனே google.lk என்று மட்டும் தட்டச்சு செய்தால், உலாவி முதலில் http இல் போய்ப் பார்க்கும் வழக்கமும் அக்காலத்தில் பரவலாக இருந்தது.

அந்த எச்சரிக்கை வரும்போது கீழே “Advanced” என்று ஒரு பொத்தான் இருக்கும். அதை அழுத்தி உள்ளே போவது எப்படி என்று தங்கைமாருக்குக் கற்றுக்கொடுக்கும் அக்காமாரை நான் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அதை மட்டும் கற்றுக்கொடுக்க வேண்டாம். ஒரேயொரு சாதாரணக் காரணம் உண்டு: பற்றரி முழுதாக இறங்கி எழுந்த பழைய தொலைபேசியில் திகதி பல ஆண்டுகள் பின்னால் போயிருந்தால், எல்லாச் சான்றிதழ்களும் பிழையாகத் தெரியும். அப்போது வரும் வரி NET::ERR_CERT_DATE_INVALID. திகதியைத் திருத்தினால் போதும். திகதி சரியாக இருந்தும் எச்சரிக்கை வந்தால் பின்வாங்குவதே முறை.

இனி, பூட்டியபின் எது மறைகிறது, எது மறைவதில்லை என்று பார்ப்போம். தோட்டப்புறங்களில் லயத்துக்கு வரும் கடிதம் எப்படி வரும் என்பது பலருக்குத் தெரியும். தோட்டத்தின் முகவரிக்கு வந்து, தோட்டக் காரியாலயத்தில் தங்கி, அங்கிருந்து கைமாறி வரும். அது தபாலட்டையாக இருந்தால் வழியில் உள்ள எல்லோரும் படிக்கலாம். ஒட்டிய உறையாக இருந்தால் உள்ளே இருப்பது தெரியாது. ஆனால் யாருக்கு, எங்கிருந்து, எந்த நாளில், எவ்வளவு கனம் என்பது எல்லோருக்கும் தெரியும். http தபாலட்டை, https உறை.

பெறுபேறு பார்ப்பதை உதாரணமாக எடுங்கள். ஒரு மாணவி கடையொன்றின் இலவச வைஃபையில் இருந்துகொண்டு ஒரு தளத்தில் தன் சுட்டெண்ணை இடுகிறாள். http என்றால் காற்றில் போவது ஏறத்தாழ இப்படி இருக்கும்:

```
GET /results?index=12345678 HTTP/1.1
Host: example.com
Cookie: session=7f3a91c2
```

வைஃபையை நடத்துபவர், இணைய சேவை நிறுவனம், சில வேளை பக்கத்து மேசையில் மடிக்கணினியோடு இருப்பவர் என்று யார் வேண்டுமானாலும் இதை அப்படியே வாசிக்கலாம். சுட்டெண் மட்டுமல்ல, திரும்பி வரும் பெறுபேறும் திறந்தே வரும். https என்றால் இந்த மூன்று வரிகளும் குலைந்து போகும். சாய்வுக் கோட்டுக்குப் பின்னால் உள்ள முகவரிப் பகுதி வெளியே தெரியும் என்று பலர் நினைக்கிறார்கள். அதுவும் மறைந்துதான் போகிறது. வெளியே தெரிவது, பெரும்பாலும் தளத்தின் பெயர், அதன் எண், நேரம், எவ்வளவு தரவு போய் வந்தது என்பவை. ஒருவர் மருத்துவமனைத் தளமொன்றுக்குப் போனார் என்பது சேவை நிறுவனத்துக்குத் தெரியும். எந்த நோயைப் பற்றி வாசித்தார் என்பது தெரியாது.

மேலே உள்ள மூன்றாவது வரியைக் கவனியுங்கள். குக்கீ என்று சொல்லப்படும் அது, ஒருமுறை கடவுச்சொல் கொடுத்து உள்ளே போனபின் தளம் நமக்குத் தரும் அடையாளச் சீட்டு. அது யாரிடம் இருக்கிறதோ அவரையே நாம் என்று தளம் நம்பும். ஒரு காலத்தில் பெரிய தளங்கள்கூட கடவுச்சொல் கொடுக்கும் பக்கத்தை மட்டும் https இல் வைத்துவிட்டு மற்றவற்றை http இல் விட்டிருந்தன. 2010 ஒக்டோபரில் எரிக் பட்லர் என்ற மென்பொருளாளர் ஃபயர்ஷீப் என்ற சிறு கருவியை வெளியிட்டார். அதே வைஃபையில் இருக்கும் மற்றவர்களின் பேஸ்புக் கணக்குகள் பெயரோடும் படத்தோடும் திரையில் வரிசையாக வரும். ஒன்றைச் சொடுக்கினால் அவருடைய கணக்குக்குள் போய்விடலாம். கடவுச்சொல்லே தேவையில்லை. தளங்கள் இந்தக் குறையைக் கண்டுகொள்ளவில்லை என்பதை வெளிக்காட்டவே செய்தேன் என்றார் அவர். கடுமையான வழிதான். ஆனாலும் அதற்குப் பின்னர்தான் முழுத் தளத்தையும் https இல் வைக்க வேண்டும் என்ற எண்ணம் வேகம் பிடித்தது.

உறைக்கு இன்னொரு பயனும் உண்டு; அதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. வழியில் உள்ளவர் படிப்பது மட்டுமல்ல, தபாலட்டையில் தன் கையால் இரண்டு வரி சேர்த்தும் எழுதலாம் அல்லவா? 2015 ஜூன் மாதத்தில் பெங்களூரைச் சேர்ந்த தேஜேஷ் என்ற மென்பொருளாளர், தன் சொந்தத் தளத்தைப் பார்த்தபோது, தான் எழுதாத நிரல் வரிகள் அதற்குள் இருப்பதைக் கண்டார். எயார்டெல்லின் 3ஜி வலையமைப்பு வழியாக வரும்போது அவை சேர்க்கப்பட்டிருந்தன. அவர் அதை ஆதாரத்தோடு வெளியிட்டதும், அந்த நிரலுக்குச் சொந்தமான இஸ்ரேலிய நிறுவனமொன்றின் சார்பில் அவருக்கே சட்ட அறிவித்தல் வந்தது. வாடிக்கையாளர்கள் எவ்வளவு தரவு பாவிக்கிறார்கள் என்று காட்டுவதற்கான பரீட்சார்த்தம் அது என்று எயார்டெல் விளக்கம் சொன்னது. நோக்கம் எதுவாகவும் இருக்கட்டும். http பக்கத்தில் இதைச் செய்ய முடியும், https பக்கத்தில் முடியாது. குலைத்த பொதியின் ஒரு எழுத்தை வழியில் மாற்றினாலும், பெறும் உலாவி அதைக் கண்டுபிடித்துப் பொதியை நிராகரித்துவிடும். கடவுச்சொல்லே கேட்காத சமையல் குறிப்புத் தளத்துக்கும் செய்தித் தளத்துக்கும் https ஏன் வேண்டும் என்பதற்கு இது போதுமான காரணம் என்று நான் கருதுகிறேன். செய்தியை ஒளிக்கத் தேவையில்லை. ஆனால் எழுதியவர் எழுதியபடியே அது வரவேண்டும்.

இப்போது உம்மாமாரின் கேள்விக்கு வரலாம். இரத்தினக்கல் சான்றிதழ், இது இன்ன வகைக் கல், இன்ன நிறை என்று சொல்லும். விற்பவர் நாணயமானவர் என்று சொல்லாது. இணையச் சான்றிதழும் அப்படியே. “நீங்கள் பேசுவது இந்தப் பெயருக்கு உரியவரோடுதான்” என்பது மட்டுமே அதன் சாட்சி. அந்தப் பெயரை வாங்கியவர் திருடராக இருந்தால், திருடரோடு மிகப் பாதுகாப்பாகப் பேசுகிறீர்கள்.

முன்பு சான்றிதழுக்குப் பணம் கட்ட வேண்டியிருந்தது. 2015 இறுதியில் லெட்ஸ் என்கிரிப்ட் என்ற இலாப நோக்கற்ற அமைப்பு இலவசமாக வழங்கத் தொடங்கியது. அது நல்ல காரியம். சிறு பாடசாலைகளின் தளங்கள்கூட https ஆனது அதனால்தான். அதே வசதி மோசடிக்காரருக்கும் கிடைத்தது. “உங்கள் பொதி வந்துள்ளது, முகவரி போதாது, சிறு கட்டணம் செலுத்துங்கள்” என்று இலங்கைத் தபாலின் பெயரில் வரும் குறுஞ்செய்திகள் பலருக்கு வந்திருக்கும். தபால் திணைக்களமே அவற்றைப் பற்றி எச்சரித்திருக்கிறது. அத்தகைய போலிப் பக்கங்களிலும் https இருக்க முடியும். வங்கி அட்டை எண் வழியில் யார் கண்ணிலும் படாமல் பத்திரமாகப் போய், நேரே மோசடிக்காரரிடம் சேரும்.

ஆகவே பார்க்க வேண்டியது பெயரை. அதிலும் எந்தப் பக்கத்திலிருந்து வாசிப்பது என்பது முக்கியம். https:// என்பதற்குப் பின் வரும் முதல் சாய்வுக் கோட்டைக் கண்டுபிடியுங்கள். அங்கிருந்து இடப்பக்கமாக, வலமிருந்து இடமாக வாசியுங்கள். தபால் திணைக்களத்தின் பெயர் slpost.gov.lk என்று முடியும். gov.lk என்ற முடிவு அரச நிறுவனங்களுக்கானது. slpost.gov.lk.example.com என்று இருந்தால், முன்னால் இருப்பது எல்லாம் அலங்காரம்; உரிமையாளர் example.com. தொலைபேசியின் சிறு திரையில் நீண்ட பெயரின் ஒரு பாதி மறைந்துவிடும். முகவரிப் பட்டையை ஒருமுறை தொட்டால் முழுதும் தெரியும்.

இந்தக் குழப்பத்தைக் கூகுளே உணர்ந்துவிட்டது. 2021இல் அவர்கள் செய்த ஆய்வில் கலந்துகொண்டவர்களில் 11 சதவீதத்தினரே பூட்டின் பொருளைச் சரியாகச் சொன்னார்கள். மற்றவர்களில் பலருக்கு அது நம்பகத்தன்மையின் முத்திரை. எனவே 2023 செப்டம்பரில் வந்த குரோம் பதிப்பில் பூட்டை எடுத்துவிட்டு, இரண்டு சிறு கட்டுப்பாட்டுக் கோடுகள் போன்ற ஒரு சின்னத்தை வைத்தார்கள். 2018 ஜூலையிலிருந்தே http தளங்களுக்குத்தான் “Not secure” என்று குரோம் எழுதிக் காட்டுகிறது. பாதுகாப்பு இருப்பதைப் பாராட்டாமல், இல்லாததை எச்சரிப்பது. இதுவே சரியான முறை என்பது என் எண்ணம். கதவுக்குப் பூட்டு இருக்கிறது என்று எந்த வீட்டுக்காரரும் பலகை மாட்டுவதில்லை.

மாணவியர் சிலர் இந்நேரம் ஒரு கேள்வியைப் பிடித்திருப்பீர்கள். பெயர்ப் பலகையைத் திருப்பி வைத்தவர், அந்தச் சில மணித்தியாலத்துக்குள் அந்தப் பெயருக்குத் தானே ஒரு புதிய சான்றிதழ் எடுத்துவிட்டால்? நல்ல கேள்வி. அது முடியும். இலவச வழங்குநர்கள் பெயருக்கு உரியவரைச் சோதிப்பது, “நான் தரும் இந்தக் கோப்பை உங்கள் தளத்தில் வைத்துக் காட்டுங்கள்” என்பது போன்ற வழிகளில்தான். பலகை யார் பக்கம் திரும்பியிருக்கிறதோ அவரால் வைத்துக் காட்ட முடியும். பெயர்ப் பதிவேடு கெட்டுப்போனால் சான்றிதழும் ஆட்டம் காணும் என்பது இந்த ஏற்பாட்டின் உண்மையான பலவீனம்.

அதை முழுதாக அடைக்க வழியில்லை. வெளிச்சம் போட்டுக் காட்டத்தான் முடியும். 2018 ஏப்ரல் இறுதிக்குப் பின் வழங்கப்பட்ட ஒவ்வொரு சான்றிதழும் பகிரங்கமான குறிப்பேடுகளில் பதியப்பட்டிருந்தால் மட்டுமே குரோம் அதை ஏற்கும். அந்தக் குறிப்பேட்டில் எழுதியதை அழிக்க முடியாது. crt.sh என்ற தளத்துக்குப் போய் எந்தப் பெயரையும் இட்டால், அதற்கு இதுவரை வழங்கப்பட்ட சான்றிதழ்கள் திகதியோடும் வழங்குநரின் பெயரோடும் வரும். உங்கள் வாப்பாவின் கடைக்கு ஒரு தளம் இருந்தால், அதன் பெயரை இட்டுப் பாருங்கள். சில மாதங்களுக்கு ஒருமுறை, ஒரே வழங்குநரிடமிருந்து, சீரான இடைவெளியில் சான்றிதழ்கள் வந்திருந்தால் அது தானாகவே புதுப்பிக்கப்படுகிறது. நடுவில், யாரும் கேட்காத ஒரு நாளில், வேறொரு வழங்குநரின் பெயரில் ஒன்று இருந்தால், தளத்தைச் செய்து தந்தவரை அன்றைக்கே அழைத்து அது என்னவென்று கேளுங்கள்.